வெளிநாட்டு க்ளையன்ட்டுக்கு போடுற பில்லுக்கு ஜிஎஸ்டி ஜீரோவா? நாம கட்டுன வரி எப்படி திரும்ப வரும்?

கேள்வி: சின்னதா ஒரு ஆஃபீஸ் போட்டு ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வேலை பண்ணி குடுக்குறேன், ஜிஎஸ்டி நம்பரும் வாங்கிட்டேன், இந்தியாவுக்குள்ளயும் ஒண்ணு ரெண்டு பேருக்கு பண்றேன். வெளிநாட்டுக்கு பில் போட்டா வரி ஜீரோன்னு சொல்றாங்களே, நிஜமா? அதே கம்பெனிக்கு இங்க கஸ்டமர் பிடிச்சு குடுத்தா தனியா கமிஷன் தர்றாங்க, அதுக்கும் ஜீரோதானா? வாடகை, லேப்டாப்புக்கெல்லாம் நான் கட்டுற ஜிஎஸ்டி திரும்ப கிடைக்குமா?

சாஃப்ட்வேர் வேலைக்கு ஜீரோ, ஆனா க்ளையன்ட் வெளிநாட்டுல இருக்காருங்கிற ஒரே காரணத்துக்காக இல்ல. கமிஷன்லதான் சிக்கல் இருக்கு, அத தனியா சொல்றேன். வாடகைக்கு கட்டுனது திரும்ப வரும், லேப்டாப்புக்கு கட்டுனது ரீஃபண்டா வராது, ஆனா வீணாவும் போகாது. 2017ல ஜிஎஸ்டி வந்ததுலருந்து ஏற்றுமதி பண்றவங்களுக்கு ரிட்டர்னும் ரீஃபண்டும் போட்டு குடுக்குறதுதான் என் வேலை, அதனால எங்கெங்க ஆளுங்க மாட்டிக்கிறாங்கன்னு பாத்தத வச்சு சொல்றேன்.

முதல்ல ஜீரோ ரேட்ங்கிறதும் வரிவிலக்குங்கிறதும் ஒண்ணு இல்லங்க, இத கலந்துட்டா அப்புறம் எல்லாமே தப்பாதான் போகும். வரிவிலக்கு உள்ள சேவை பண்ணா நீங்க வரி வாங்க வேணாம், ஆனா அதுக்காக நீங்க வாங்குன பொருளுக்கு கட்டுன வரிய இன்புட் க்ரெடிட்டா எடுக்க முடியாது, அது உங்க செலவா போயிடும். ஜீரோ ரேட்டுல, ஐஜிஎஸ்டி சட்டம் 16வது பிரிவுப்படி, வரியும் வாங்க வேணாம், இன்புட் க்ரெடிட்டும் முழுசா எடுக்கலாம், எடுத்தது செலவாகலன்னா பணமா திரும்ப கேக்கலாம். நாட்ட விட்டு போற சேவையோட நம்ம வரி கூடவே போகக்கூடாதுங்கிறதுதான் இதுக்கு பின்னாடி இருக்கிற எண்ணம்.

இப்ப ஜீரோ எப்ப கிடைக்கும்னா, உங்க வேலை "சேவை ஏற்றுமதி"ங்கிற வரையறைக்குள்ள வரணும். அதே சட்டத்துல 2வது பிரிவு 6வது உட்பிரிவுல அஞ்சு நிபந்தனை இருக்கு, அஞ்சும் சேந்தே இருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் ஏற்றுமதி இல்ல. சேவை குடுக்குறவர் இந்தியாவுல இருக்கணும், வாங்குறவர் வெளியில இருக்கணும், சட்டம் சொல்ற "சேவை நடந்த இடம்" இந்தியாவுக்கு வெளிய இருக்கணும், பணம் அந்நிய செலாவணியா வரணும் இல்லன்னா ரிசர்வ் பேங்க் அனுமதிச்ச வகையில ரூபாயா வரணும், கடைசியா நீங்களும் அவங்களும் ஒரே ஆளோட ரெண்டு கிளையா இருக்கக்கூடாது. இதுல முதல் ரெண்டும் கடைசியும் உங்க விஷயத்துல பிரச்சனையே இல்ல. பணம் பேங்க் வழியா டாலராவோ யூரோவாவோ வந்தா அதுவும் ஓகே. மிச்சம் இருக்கிறது அந்த மூணாவது நிபந்தனை, நான் பாத்த சண்டைல பாதிக்கு மேல அதுலதான்.

சேவை நடந்த இடம்ங்கிறது நீங்க உக்காந்து கோடு அடிக்கிற இடம் கிடையாது. 13வது பிரிவுல பொதுவான விதி, சேவை வாங்குறவர் எங்க இருக்காரோ அதுதான் இடம். அதனால நீங்க இங்க உக்காந்து எழுதுற சாஃப்ட்வேர், சட்டத்தோட கண்ணுக்கு வெளிநாட்டுல நடந்த சேவை, ஜீரோ ரேட். ஆனா அதே பிரிவுக்குள்ள விதிவிலக்குகள் இருக்கு. க்ளையன்ட் ஒரு மெஷினையோ பொருளையோ உங்களுக்கு அனுப்பி நீங்க அத கையில வச்சு டெஸ்ட் பண்ணி குடுத்தா, வேலை நடந்த ஊர்தான் இடம் (ரிப்பேருக்கோ வேற ப்ராசஸுக்கோ தற்காலிகமா வந்து, இங்க யூஸ் ஆகாம திரும்ப போற பொருளுக்கு விலக்கு உண்டு). இந்தியாவுல இருக்கிற நிலம் கட்டிடம் சம்பந்தப்பட்ட சேவைன்னா, டிசைன் வரைஞ்சு வெளிநாட்டுக்காரருக்கு அனுப்புனாலும் இடம் இந்தியாதான். உங்க வேலை எல்லாமே ஆன்லைன்ல போறதால இது ரெண்டும் உங்கள தொடாது.

உங்கள தொடுறது அடுத்தது, அந்த கமிஷன். சட்டத்துல இன்டர்மீடியரின்னு ஒரு வார்த்தை இருக்கு, ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு ஒரு பொருளோ சேவையோ கை மாற ஏற்பாடு பண்றவர், அதாவது தரகர். தரகருக்கு 13(8)(b) பிரிவுல இடம் தலைகீழா வச்சாங்க, வாங்குறவர் இருக்கிற இடம் இல்ல, தரகர் இருக்கிற இடம். அந்த பிரிவு அமல்ல இருக்கிற காலத்து பில்லுக்கு, வெளிநாட்டு கம்பெனி டாலர்ல கமிஷன் குடுத்தாலும் சேவை நடந்தது இந்தியாவுல, ஏற்றுமதி இல்ல, 18 சதவீதம் வரி. அந்த கம்பெனியால அந்த வரிய அவங்க நாட்டுல க்ரெடிட் எடுக்கவும் முடியாது, அதனால பெரும்பாலும் குடுக்க மாட்டேன்னுடுவாங்க, உங்க கையிலருந்துதான் போகும். இந்த பிரிவையே நீக்கணும்னு ஜிஎஸ்டி கவுன்சிலோட 56வது கூட்டம் 2025 செப்டம்பர்ல சிபாரிசு பண்ணுச்சு. அதனால நீங்க கமிஷன் பில் போடுற தேதியில அந்த பிரிவு அமல்ல இருக்கான்னு பாத்துட்டுதான் ஜீரோ போடணும், பழைய தேதி பில்லுக்கெல்லாம் பழைய விதிதான்னு வச்சு கணக்கு போடுறதுதான் பாதுகாப்பு.

இதுலயே இன்னொரு பக்கமும் இருக்கு. சில ஆஃபீசருங்க சாஃப்ட்வேர் வேலையையும் இன்டர்மீடியரின்னு எழுதி நோட்டீஸ் குடுத்துடுறாங்க, குறிப்பா சப்போர்ட் வேலை, சப்-கான்ட்ராக்ட் வேலைக்கு. அதுக்கு நல்ல பதில் 2021 செப்டம்பர் 20 தேதியிட்ட 159வது சர்க்குலர். தரகுன்னா குறைஞ்சது மூணு பேர் இருக்கணும், முக்கிய சப்ளை ஒண்ணு, அத சேத்து வைக்கிற துணை சப்ளை ஒண்ணுன்னு ரெண்டு தனித்தனியா இருக்கணும், தானே வேலைய செஞ்சு குடுக்குறவர் தரகர் இல்ல, சப்-கான்ட்ராக்டும் தரகு இல்லன்னு அதுல தெளிவா சொல்லியிருக்காங்க. உங்க கோடிங் வேலைக்கு இது உறுதியா பொருந்தும். கமிஷன் வேலைக்கு பொருந்துமான்னு அக்ரிமென்ட்ட படிக்காம யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா பேரு "மார்க்கெட்டிங் சப்போர்ட்"னு இருந்து மாசம் ஒரே தொகை வந்தா ஒரு பதில், ஒவ்வொரு கஸ்டமருக்கும் இத்தன சதவீதம்னு இருந்தா வேற பதில் வரலாம். அதனால ரெண்டு வேலைக்கும் அக்ரிமென்ட்டும் இன்வாய்ஸும் தனித்தனியா வைங்க. ஒரே பில்லுல ரெண்டையும் போட்டு ஒருத்தரோட மொத்த ரீஃபண்டும் மாசக்கணக்குல நின்னத பாத்திருக்கேன், அவருக்கு கமிஷன் மொத்த பில்லுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல.

சரி, ஏற்றுமதின்னு உறுதியாயிடுச்சுன்னா வரி கட்டாம பில் போடுறதுக்கு எல்யூடி வேணும், அதாவது லெட்டர் ஆஃப் அண்டர்டேக்கிங்ங்கிற உறுதிமொழி. போர்ட்டல்ல RFD-11ங்கிற ஃபாரம், ரெண்டு சாட்சி பேர் போட்டு சைன் பண்ணா அஞ்சு நிமிஷத்துல முடியும், ஃபீஸ் கிடையாது. ஆனா அது அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான், மார்ச் 31ஓட முடிஞ்சிரும், ஏப்ரல்ல முதல் பில் போடுறதுக்கு முன்னாடி புதுசா போடணும். மறந்துட்டா உடனே பயப்பட வேணாம், ஏற்றுமதி நிஜமா நடந்திருந்தா லேட்டா போட்ட எல்யூடிய பின்தேதியிட்டு ஏத்துக்கலாம்னு 125வது சர்க்குலர்ல இருக்கு. ஜூன்ல போட்ட ஒருத்தருக்கு இத காட்டித்தான் ஏப்ரல், மே பில்லுக்கும் சேத்து வாங்கி குடுத்தேன், ஆனா அதுக்கு ரெண்டு தடவை லெட்டர் எழுத வேண்டி வந்துச்சு. எல்யூடி குடுக்குறதுன்னா ஒரு வாக்கும் குடுக்குறீங்க, இன்வாய்ஸ் தேதியிலருந்து ஒரு வருஷத்துக்குள்ள, இல்ல ஃபெமா சட்டப்படி அதுக்கு மேல டைம் இருந்தா அதுக்குள்ள, பணம் வந்து சேரும்னு. வரலன்னா அதுக்கப்புறம் 15 நாளுக்குள்ள வரியும் 18 சதவீத வட்டியும் கட்டணும். க்ளையன்ட் ஏமாத்திட்டா பணமும் போச்சு வரியும் போச்சுன்னு ஆயிடும், அதனால வராத பாக்கிய ஒரு வருஷம் வரைக்கும் தூங்க விடாதீங்க.

பில்லுல இந்த வாக்கியம் கட்டாயம் இருக்கணும்:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER BOND OR LETTER OF UNDERTAKING
WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

GSTR-1ல இது 6A டேபிள்ல போகும், சேவைக்கு ஷிப்பிங் பில் கிடையாது, அந்த கட்டத்த காலியா விட்டுடலாம். GSTR-3Bல 3.1(b), பக்கத்துல zero ratedனு எழுதியிருக்கும். வரி ஜீரோதானேன்னு நிறைய பேர் 3.1(c)ல கொண்டு போய் போடுறாங்க, அது nil ratedக்கும் exemptedக்கும் உள்ள கட்டம், அங்க போட்டா நீங்களே "இது வரிவிலக்கு, எனக்கு க்ரெடிட் வேணாம்"னு எழுதி குடுத்த மாதிரி. ரீஃபண்ட் கேக்குறப்ப கணக்கு பொருந்தாது, நிக்கும். இதுவரை போட்ட ரிட்டர்ன்கள இன்னிக்கே எடுத்து இந்த ஒண்ண மட்டும் பாருங்க.

இப்ப ரீஃபண்ட். முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, க்ளையன்ட்கிட்ட வரியே வாங்கலையே அப்புறம் எத திரும்ப தர்றாங்கன்னா, நீங்க வாடகைக்கும், சாஃப்ட்வேர் சப்ஸ்க்ரிப்ஷனுக்கும், ஆடிட்டர் ஃபீஸுக்கும் கட்டி க்ரெடிட் லெட்ஜர்ல தேங்கி நிக்கிற வரியத்தான். எவ்வளவுங்கிறது 89(4) விதியில ஃபார்முலாவா இருக்கு:

```
ரீஃபண்ட் = ஏற்றுமதி டர்ன்ஓவர் × நெட் ஐடிசி ÷ மொத்த டர்ன்ஓவர்
```

இதுல ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. சேவைக்கு ஏற்றுமதி டர்ன்ஓவர்ங்கிறது பில் போட்ட தொகை இல்ல, அந்த காலத்துல கையில வந்த பணம், அதோட முன்பணம் வாங்கி இப்ப முடிச்ச வேலைய கூட்டி, வேலை முடியாத முன்பணத்த கழிக்கணும். இன்னொண்ணு, நெட் ஐடிசில, அதாவது ஃபார்முலாவுக்கு எடுக்குற இன்புட் க்ரெடிட்ல, சாதாரண பொருளுக்கும் சேவைக்கும் கட்டுன வரி மட்டும்தான் வரும், கேப்பிடல் கூட்ஸுக்கு கட்டுனது வராது. உங்க கணக்குல லேப்டாப்ப சொத்தா காட்டியிருப்பீங்க, அதனால அது கேப்பிடல் கூட்ஸ்.

ஒரு கணக்கு போட்டு பாக்கலாம், நம்பர் எல்லாம் உதாரணத்துக்கு. ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும் வெளிநாட்டுக்கு 21 லட்சத்துக்கு பில் போட்டீங்க, 18 லட்சம் வந்துச்சு, 3 லட்சம் பாக்கி. உள்நாட்டு வேலை 2 லட்சம், அதுக்கு வரி 36,000. வாடகை மாதிரி செலவு 4 லட்சம், அதுக்கு கட்டுன ஜிஎஸ்டி 72,000. 1 லட்சத்துக்கு லேப்டாப், ஜிஎஸ்டி 18,000. ஆக லெட்ஜர்ல 90,000 க்ரெடிட். உள்நாட்டு வரி 36,000 அதுலருந்து கழிஞ்சு 54,000 மிச்சம். ஃபார்முலா படி பாத்தா ஏற்றுமதி 18 லட்சம், மொத்தம் 20 லட்சம் (பாக்கி 3 லட்சம் மேலயும் வராது கீழயும் வராது, பணம் வர்ற காலத்துல சேரும்), 72,000த்த 18ஆல பெருக்கி 20ஆல வகுத்தா 64,800. ஆனா கிடைக்கிறது 64,800 இல்ல. ஃபார்முலா தொகை, அந்த காலத்தோட 3B போட்ட பிறகு லெட்ஜர்ல இருக்கிறது, அப்ளை பண்ற அன்னிக்கு இருக்கிறது, இந்த மூணுல எது குறைவோ அதுதான். அதனால 54,000. லேப்டாப் வரி ரீஃபண்டுல வரலன்னாலும் உள்நாட்டு வரிய அடைக்க உதவிடுச்சு பாருங்க. உள்நாட்டு வேலையே இல்லாதவருக்கு இதே கணக்குல 72,000 ரீஃபண்ட் வரும், 18,000 லெட்ஜர்லயே உக்காந்திருக்கும்.

அந்த 18,000த்தையும் எடுக்க இன்னொரு வழி இருக்கு, எல்யூடி இல்லாம ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி பண்ணி, கட்டுனத அப்படியே திரும்ப கேக்குறது. லெட்ஜர்ல இருக்கிற கேப்பிடல் கூட்ஸ் க்ரெடிட்டையும் இதுக்கு யூஸ் பண்ணலாம். ஆனா வரி பில் போட்ட தொகைக்கு கட்டணும், 21 லட்சத்துக்கு 18 சதவீதம்னா 3,78,000, உங்க லெட்ஜர்ல இருக்கிறது 54,000, மிச்சம் 3,24,000 கைக்காசு போட்டு மாசக்கணக்குல காத்திருக்கணும். பொருள் ஏற்றுமதி பண்றவங்களுக்கு ஷிப்பிங் பில்லே விண்ணப்பமா ஆயிடும், நமக்கு அப்படி இல்ல, இந்த வழியிலயும் RFD-01 தனியா போட்டே ஆகணும். பெரிய மெஷினரி, சர்வர்னு கோடிக்கணக்குல போட்டவங்களுக்கு சரி, உங்களுக்கு எல்யூடிதான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

விண்ணப்பம் RFD-01, போர்ட்டல்லயே. ஸ்டேட்மென்ட் 3ல ஏற்றுமதி பில் நம்பரும் அதுக்கு எதிரா வெளிநாட்டு பணம் வந்ததுக்கு பேங்க் குடுக்குற சான்றான எஃப்ஐஆர்சியோட நம்பரும், இன்னொரு லிஸ்ட்ல க்ரெடிட் எடுத்த பில்கள். உங்க சப்ளையர் பில் GSTR-2Bல தெரியலன்னா அந்த க்ரெடிட்ட கேக்க முடியாது, வாடகைக்கு விட்டவர் ரிட்டர்ன் போடாததுக்கு நீங்க மாட்டுவீங்க, மாசாமாசம் பாத்துடுங்க. ஆதார் சரிபார்ப்பு முடிஞ்சிருக்கணும், ரீஃபண்ட் வர்ற பேங்க் அக்கவுன்ட் உங்க பான்ல இருக்கணும். சப்மிட் பண்ணதும் அந்த தொகை லெட்ஜர்லருந்து கழிஞ்சிரும். 15 நாளுக்குள்ள RFD-02 அக்னாலஜ்மென்ட் வரணும், இல்ல குறை இருக்குன்னு RFD-03 வரும். அக்னாலஜ்மென்ட் வந்து 7 நாள்ல 90 சதவீதம் தற்காலிகமா குடுக்க சட்டத்துல இடம் இருக்கு, ஆனா எல்லாருக்கும் கிடைக்கும்னு நம்பி செலவுக்கு திட்டம் போடாதீங்க. முழு உத்தரவு 60 நாளுக்குள்ள, தாண்டுனா 6 சதவீத வட்டி. குறைச்சோ மறுத்தோ குடுக்கணும்னா முதல்ல RFD-08னு நோட்டீஸ் வரும், 15 நாளுக்குள்ள RFD-09ல பதில் போடணும், அந்த 15 நாள விட்டா உங்க பதில் இல்லாமலேயே முடிவு எடுத்துடலாம், அதனால போர்ட்டல வாரம் ஒரு தடவையாவது திறந்து பாருங்க, மெயில் வரும்னு இருக்காதீங்க.

RFD-03 வந்தா அந்த விண்ணப்பம் செத்துப்போச்சு, திருத்த முடியாது, முதல்லருந்து புதுசா போடணும், கழிச்ச க்ரெடிட் திரும்ப லெட்ஜருக்கு வந்துடும். சேவைக்கு அதிகமா வர்ற காரணம் எஃப்ஐஆர்சிதான். நீங்க 5,000 டாலருக்கு பில் போடுறீங்க, நடுவுல இருக்கிற பேங்கும் பேமென்ட் கேட்வேயும் பிடிச்சது போக 4,850 வருது, அதுவும் மூணு பில்லுக்கு ஒரே தொகையா வருது, எஃப்ஐஆர்சில உங்க பில் நம்பரே இருக்காது. ஆஃபீசர் எத எதோட பொருத்துவார்? இதுக்கு நான் செய்யுறது, ஒவ்வொரு வரவுக்கும் ஒரு லைன்: தேதி, எஃப்ஐஆர்சி நம்பர், வந்த டாலர், ரூபாய், எந்தெந்த பில்லு, பிடிச்சது எவ்வளவு, ஏன். இத வரவு வர்ற அன்னிக்கே எழுதிட்டா ரீஃபண்ட் அன்னிக்கு பத்து நிமிஷ வேலை, ரெண்டு வருஷம் கழிச்சு பேங்க்கிட்ட போய் எஃப்ஐஆர்சி கேட்டா எத்தனை நாள் இழுக்கும்னு அனுபவப்பட்டவங்களுக்கு தெரியும்.

ரெண்டு வருஷம்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு, ரீஃபண்ட் கேக்க காலக்கெடு அதுதான். சேவைக்கு அது பில் தேதியிலருந்து ஓடாது, வேலை முடிஞ்ச பிறகு பணம் வந்தா பணம் வந்த தேதியிலருந்து, முன்பணமா வந்திருந்தா பில் போட்ட தேதியிலருந்து. RFD-03 வந்து திரும்ப போடுறீங்கன்னா, முதல்ல போட்ட நாளுக்கும் RFD-03 வந்த நாளுக்கும் நடுவுல போன நாள இந்த ரெண்டு வருஷத்துல சேக்க மாட்டாங்க. உங்க பழைய வரவுல ரெண்டு வருஷத்த நெருங்குறது எதுவும் இருந்தா காலாண்டு முடியட்டும்னு காத்திருக்காம அத முதல்ல போட்டுடுங்க.